இரண்டு கழுத்துக்கு ஒரு சங்கிலி

கேள்வி: நானும் அக்காவும் பாக்கெட் மணி சேர்த்து முதல் தங்கச் சங்கிலி வாங்கப் போகிறோம். இருக்கிற பணத்தில் ஆளுக்கு ஒன்றாக இரண்டு மெல்லிய சங்கிலி வாங்குவதா, இல்லை சேர்ந்து ஒன்று வாங்குவதா? கடையில் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

ஒன்று வாங்குங்கள். ஏன் என்பதை ஒரு கதையாகச் சொன்னால்தான் சரியாகப் புரியும். இதே கேள்வியோடு ஒரு அக்காவும் தங்கையும் என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

மதுரை தெற்காவணி மூல வீதியில் ஒரு நகைக்கடையில் 19 வருடம் சங்கிலிப் பிரிவில் நின்றவள் நான். அப்பா ஆசாரி. வீட்டுத் திண்ணைதான் அவருக்குப் பட்டறை. அதனால் சங்கிலி என்றால் எனக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னுவது மட்டுமில்லை, கண்ணி கண்ணியாகப் பற்றவைத்துச் செய்வதும் தெரியும்.

2023 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் அவர்கள் வந்தார்கள். பெரியவளுக்கு 19 வயது, கல்லூரி. சின்னவளுக்கு 15. அம்மாவும் கூட வந்திருந்தார்கள். ஆனால் வாசல் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு, "அவுங்க காசு, அவுங்களே பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். பெரியவள் மஞ்சப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். உள்ளே ரப்பர் பேண்டு போட்ட நோட்டுக் கட்டுகள். நான்கு வருடச் சேமிப்பு. பஸ்ஸுக்குக் கொடுத்ததில் நடந்து மிச்சம் பிடித்தது, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தாத்தா, மாமா கொடுத்தது, எல்லாம் சேர்த்து 23,400 ரூபாய்.

"இதுல ஆளுக்கு ஒண்ணு வருமாக்கா?" என்று கேட்டது சின்னவள்.

வரும். நான் இல்லை என்று சொல்லவில்லை. 1.8 கிராமில் 16 அங்குலச் சங்கிலி இரண்டு எடுத்து வெல்வெட் தட்டில் வைத்தேன். சின்னவள் ஒன்றை எடுத்துக் கழுத்தில் வைத்துக் கண்ணாடியைப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. ஆனால் பெரியவள் தன் கையிலிருந்ததை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, "நூல் மாதிரி இருக்கே" என்றாள். அவள் சொன்னது உண்மைதான். அந்த எடையில் அந்த நீளம் வர வேண்டும் என்றால் கம்பியை அவ்வளவு மெல்லிசாக இழுத்தாக வேண்டும். தலை துவட்டும்போது துண்டில் மாட்டினாலே அறுந்துவிடும்.

அதற்கு மேல் நான் பேசவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நீங்களும் இதே கணக்கை உங்கள் ஊர் விலைக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வாரங்களில் 22 கேரட் தங்கம் கிராம் 5,500 ரூபாயை ஒட்டி இருந்தது, அதையே வைத்துக்கொள்கிறேன்.

1.8 கிராம் சங்கிலியில் தங்கத்துக்கு 9,900 ரூபாய். அதற்குச் சேதாரம் 14 சதவீதம், 1,386 ரூபாய். ஆக 11,286. அதன்மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் ஒன்று 11,624 ரூபாய் சொச்சம். இரண்டுக்கும் 23,249. அவர்கள் பணத்துக்குள் கச்சிதமாக அடங்கியது. சின்னவள் முகம் மலர்ந்துவிட்டது.

அப்புறம் 3.8 கிராமில் ஒரே ஒரு சங்கிலி எடுத்தேன். தங்கத்துக்கு 20,900 ரூபாய். இதற்குச் சேதாரம் 8 சதவீதம் என்று வைத்தால் 1,672. ஆக 22,572. ஜிஎஸ்டி சேர்த்தால் இதுவும் அதே 23,249 ரூபாய்தான்.

பெரியவள் இரண்டு தொகையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அதே காசுதான். ஆனா ரெண்டா வாங்குனா 3.6 கிராம், ஒண்ணா வாங்குனா 3.8 கிராமா?" ஆமாம். 0.2 கிராம், அன்றைய விலைக்கு 1,100 ரூபாய்த் தங்கம், இரண்டாகப் பிரிக்கிற ஒரே காரணத்தால் கைக்கு வராமல் போகிறது.

மெல்லிய சங்கிலிக்கு ஏன் சேதாரம் கூடுதல் என்று சின்னவள் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி அது. சேதாரம் என்பது முன்பு நிஜமாகவே சேதாரம்தான். அப்பா ராவும்போதும் உருக்கும்போதும் பறந்துபோகிற தூளுக்கு ஈடாகக் கொடுத்தது. பட்டறைத் தரையைப் பெருக்கிய குப்பையைக்கூட அம்மா கொட்ட மாட்டார்கள், அதில் தங்கம் இருக்கும். இப்போது பெரும்பாலான சங்கிலி இயந்திரத்தில் வருகிறது. சேதாரம் என்ற பெயரில் கடை வாங்குவது வேலைக்கான கூலியும் கடைக்கான லாபமும் சேர்ந்த ஒரு தொகை. மெல்லிய சங்கிலியிலும் கண்ணியின் எண்ணிக்கை குறைவதில்லை. பற்றவைக்கிற இடமும், மெருகு போடுகிற நேரமும் குறைவதில்லை. குறைவது தங்கத்தின் எடை மட்டும்தான். அந்த வேலை முழுவதும் கொஞ்சம் தங்கத்தின் தலையில் ஏறும்போது சதவீதம் கூடித் தெரிகிறது. பின்னாளில் சங்கிலியை விற்றாலும் மாற்றினாலும் எடைக்குத்தான் காசு வரும். கொடுத்த சேதாரம் திரும்பி வராது. அதனால் ஒரு கடையில் ரேட் போர்டைப் பார்த்து மட்டும் நுழையாதீர்கள். ஒரே ஊரில் கிராம் விலை அநேகமாக எல்லாக் கடையிலும் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் சேதாரத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று கடையில் அதே எடைச் சங்கிலிக்கு "எல்லாம் சேர்த்து கைக்கு எவ்வளவு வரும்" என்று கேளுங்கள்.

இரண்டாவதாக ஒன்று சொன்னேன், அதுதான் பெரியவளை உறுதியாக்கியது என்று நினைக்கிறேன். 2 கிராமுக்குக் கீழே உள்ள நகைக்கு ஹால்மார்க் என்ற தூய்மை முத்திரை கட்டாயமில்லை. அந்த 1.8 கிராம் சங்கிலிகளில் முத்திரை கிடையாது. எங்கள் கடைச் சரக்கு எனக்குத் தெரியும், ஆனால் அவர்கள் என் வார்த்தையை மட்டும்தான் நம்ப வேண்டியிருக்கும். 3.8 கிராம் சங்கிலியை முத்திரை இல்லாமல் விற்கவே முடியாது.

சரி, ஒன்றுதான் என்று முடிவாயிற்று. ஆனால் எது என்பதில் இருவருக்கும் சண்டை. சின்னவள் பெட்டியிலிருந்த பாம்பு செயினைக் காட்டினாள். வழவழவென்று தண்ணீர் மாதிரி வழுகும் அந்தச் சங்கிலி மேல் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. என் முதல் சம்பளங்களைச் சேர்த்து நான் வாங்கியது அதைத்தான். வேறொரு கடையில் வாங்கினேன். மூன்றாவது மாதம், போட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் ஓர் இடத்தில் மடங்கி முழங்கை மாதிரி நின்றது. அப்பாவிடம் கொடுத்தேன். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இத நிமித்த முடியாதும்மா" என்றார். பாம்பு செயினில் தனித்தனிக் கண்ணி இல்லை. நெருக்கமாக அடுக்கிய சின்னத் தகடுகள். ஒருமுறை மடங்கி நசுங்கினால் அந்தத் தகடுகள் பழைய இடத்துக்கு வராது. வாங்கிய கடைக்குக் கொண்டுபோனேன், பழைய தங்கமாக எடுத்துக்கொள்கிறோம் என்று மட்டும்தான் சொன்னார்கள். மூன்று மாதத்தில் என் சேதாரக் காசு முழுவதும் போனது. இதை அந்தப் பிள்ளையிடம் அப்படியே சொன்னேன். மேலும் அவள் காட்டிய செயின் 4.1 கிராம், 14 சதவீதச் சேதாரம், ஜிஎஸ்டியும் ஹால்மார்க் கட்டணமும் சேர்த்து 26,531 ரூபாய் வந்தது. 3,000 ரூபாய்க்கு மேல் இடித்தது. சின்னவள் அதை மெதுவாகத் தட்டில் திரும்ப வைத்தாள்.

பக்கத்தில் நின்ற பையன் ஒரு தடித்த சங்கிலியை எடுத்து நீட்டினான். பார்க்க ஒரு பவுன் மாதிரி இருக்கும், எடை அதில் பாதிகூட இருக்காது. ஹாலோ செயின் என்பார்கள், உள்ளே வெறும் கூடு. எப்போதாவது கல்யாணத்துக்குப் போட்டுக் கழற்றி வைப்பவர்கள் வாங்கலாம். தினமும் போடுகிறவர்களுக்கு அது வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அழுத்தினால் சொட்டையாகும், அறுந்தால் பற்றவைக்கும் சூட்டில் அந்த மெல்லிய சுவர் உருகி ஓட்டை விழும். கடையில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் பருமனுக்குக் கை எதிர்பார்க்கிற கனம் இல்லையென்றால், "இது கெட்டியா, ஹாலோவா?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

கடைசியில் அவர்கள் எடுத்தது சாதாரண வளையக் கண்ணிச் சங்கிலி. கெட்டிக் கம்பி, 18 அங்குலம், 3.8 கிராம். இதில் அறுந்தாலும் ஒரு கண்ணியைப் பற்றவைத்தால் போதும், எந்த ஊர் ஆசாரியும் செய்துவிடுவார். இன்னொரு நல்ல விஷயம், அதன் ஒரு நுனியில் கொக்கி மாட்ட மூன்று வளையங்கள் இடைவெளி விட்டு இருந்தன. கடைசி வளையத்தில் மாட்டினால் பெரியவளுக்குத் தொண்டைக்குழிக்குக் கீழே விழுந்தது. முதல் வளையத்தில் மாட்டினால் சின்னவள் கழுத்தை ஒட்டி நின்றது. அதைப் பார்த்ததும்தான் சின்னவள் முழு மனதோடு தலையாட்டினாள். இருவர் சேர்ந்து வாங்குகிறீர்கள் என்றால் இந்த வளையங்களைக் கேட்டு வாங்குங்கள். நீளம் ஒத்துவராத சங்கிலி யாராவது ஒருத்தி பெட்டியிலேயே தங்கிவிடும்.

அப்புறம் அந்தச் சங்கிலியைச் சோதித்துப் பார்க்க அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நுனியிலிருந்து நுனி வரை மெதுவாக இழுக்க வேண்டும், அதையே கன்னத்திலும் ஒருமுறை. எங்காவது சுரண்டினால் அங்கே பற்றவைப்பு சரியாக மெருகு போடப்படவில்லை. அது முடியைப் பிடுங்கும், துணியில் மாட்டும். பிறகு கொக்கியைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். நல்ல சங்கிலி நேராக விழும், முறுக்கிக்கொண்டு நிற்காது. கடைசியாகக் கொக்கி. சங்கிலி தொலைந்தது என்று வருபவர்களில் நடுவில் அறுந்து தொலைத்தவர்களை நான் பார்த்தது குறைவு. எஸ் கொக்கியின் வாய் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து வளையம் நழுவியதுதான் அதிகம். 22 கேரட் தங்கம் மென்மையானது, மாட்டிக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் அந்த வாய் ஒரு மயிரிழை விரியும். கொக்கியை மாட்டுகிற வளையமும் முழுவதும் பற்றவைத்திருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். வெறுமனே வளைத்து ஒட்டியிருந்தால் அங்கே ஒரு கோடு தெரியும்.

பெரியவள் லென்ஸை வாங்கிக் கொக்கிப் பக்கம் இருந்த சின்னத் தகட்டைப் பார்த்தாள். மெல்லிய சங்கிலியில் முத்திரை அங்கேதான் இருக்கும். மூன்று இருக்க வேண்டும்: முக்கோணமான பிஐஎஸ் சின்னம், 22K916 என்ற தூய்மை எண், அப்புறம் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறி. ஹால்மார்க் கட்டாயமான நகையை, 2023 ஏப்ரல் 1 முதல் வந்த விதிப்படி, இந்த ஆறு இலக்கம் இல்லாமல் கடைக்காரர் விற்கக் கூடாது. 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், மீதி செம்பும் வெள்ளியும் போன்றவை.

அவள் கைபேசியில் BIS CARE செயலியை இறக்கி, Verify HUID என்ற இடத்தில் அந்த ஆறு இலக்கத்தைத் தட்டினாள். நகையின் வகை, தூய்மை, சோதித்த மையம் எல்லாம் வந்தன. வகை என்பதை விட்டுவிடாதீர்கள். கையில் சங்கிலி இருக்கும்போது திரையில் மோதிரம் என்று வந்தால், அந்த எண் வேறு நகையிலிருந்து எடுத்தது. தூய்மையும் தகட்டில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். இதைக் கடையிலேயே, பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள். ஒழுங்கான கடையில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

எடை போடும்போது விலைச்சீட்டை நூலோடு கழற்றச் சொன்னேன். தராசு முதலில் பூஜ்யம் காட்ட வேண்டும், கண்ணாடி மூடியைச் சாத்த வேண்டும். ஃபேன் காற்றே கடைசி இலக்கத்தை ஆட்டிவிடும். 3.800 என்று நின்றது.

பில் போட எடுத்தபோதுதான் ஒரு சிக்கல். அந்தச் சங்கிலிச் சீட்டில் சேதாரம் 9 சதவீதம் என்று இருந்தது. என் தாளில் நான் 8 என்று போட்டிருந்தேன். 9 என்றால் ஜிஎஸ்டியும், ஒரு நகைக்கு 45 ரூபாயும் அதற்கு வரியுமான ஹால்மார்க் கட்டணமும் சேர்த்து 23,517 ரூபாய். 117 ரூபாய் குறைந்தது. பெரியவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேட்கக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருக்கிறார்கள் போல.

நான் மேலாளரிடம் போய் அந்தப் பிஸ்கட் டப்பாவைக் காட்டினேன். அவர் ஒன்றும் கேட்காமல் சீட்டில் 8 என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார். அன்று அது நடக்காமல் இருந்திருந்தால் 3.7 கிராமில் வேறொன்று தேடியிருப்போம், அதுவும் தவறில்லை. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, சேதாரத்தில் ஒரு சதவீதம் குறைத்துக் கேட்பது வழக்கமானதுதான். கிராம் விலையில் யாரும் குறைக்க மாட்டார்கள், சேதாரத்தில் குறைப்பார்கள். கேட்கத் தயங்காதீர்கள்.

23,302 ரூபாய். பில்லில் எடை, தூய்மை, சேதாரம், ஹால்மார்க் கட்டணம் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பெரியவளையே வாசிக்கச் சொன்னேன். மொத்தத் தொகை மட்டும் எழுதிய சீட்டை வாங்காதீர்கள், மாற்றும்போது அது உதவாது. மிச்சம் 98 ரூபாய் டப்பாவுக்குள் போனது.

யார் முதலில் போட்டுக்கொள்வது என்று நான் கேட்கவில்லை. பெரியவள் சின்னவளைத் திருப்பி நிறுத்தி, பின்னலை ஒதுக்கிவிட்டு, முதல் வளையத்தில் மாட்டினாள். "வர்ற ஞாயித்துக்கெழம வரைக்கும் ஒனக்கு. அப்புறம் எனக்கு" என்றாள். அம்மா அப்போதுதான் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்கள்.

அடுத்த வருடம் கோடை விடுமுறையில் இருவரும் மறுபடி வந்தார்கள், வாங்குவதற்கு இல்லை. "கொக்கி வாய் லூசான மாதிரி இருக்குக்கா, நீங்க சொன்ன மாதிரி கை மாத்துறப்பெல்லாம் பாக்குறோம்" என்று சின்னவள் கழற்றிக் கொடுத்தாள். ஆமாம், விரிந்துதான் இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நழுவியிருக்கும். உள்ளே பட்டறையில் கொடுத்து, சின்னக் குறடால் மெல்ல அழுத்தி வாயை மூடி வாங்கினேன். காசு வாங்கவில்லை. மெருகு போடட்டுமா என்று ஆசாரி கேட்டார், நான் வேண்டாம் என்றேன். மெருகு போட்டால் மேல்தங்கம் கொஞ்சம் போகும், அந்த எடையில் அதைக்கூட நான் இழக்க விரும்பவில்லை. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மென்மையான பிரஷ்ஷால் தேய்த்ததே போதுமாக இருந்தது.

தராசில் வைத்தேன். இருவரும் குனிந்து பார்த்தார்கள். 3.79 என்று நின்றது. திரும்பக் கொடுத்தபோது பெரியவள் கை நீட்டினாள். "இந்த வாரம் என்னோடது" என்று சின்னவள் வாங்கிக்கொண்டாள்.